பழைய கைடில் இருக்கும் விடை இன்னும் சரியா? பாம்பன் பாலத்தை வைத்து ஒரு பயிற்சி

மண்டபம், தங்கச்சிமடம், கீழக்கரை, ஏர்வாடி பக்கம் போட்டித் தேர்வுக்குப் புதிதாகப் படிக்க உட்காருபவர்கள் கையில் பெரும்பாலும் இருப்பது வேறு யாரோ படித்து முடித்த கைடுதான். அண்ணன் குரூப் 4 எழுதியபோது வாங்கியதாக இருக்கும், இல்லாவிட்டால் பக்கத்து வீட்டு அக்கா வேலை கிடைத்ததும் கொடுத்துவிட்டுப் போனதாக இருக்கும். வரலாறு, அறிவியல், இலக்கணத்துக்கு அந்தக் கைடு நன்றாகவே உதவும். சிக்கல் வருவது ஸ்டாட்டிக் ஜி.கே. என்ற பகுதியில்தான். முதல், பெரிய, நீளமான, எத்தனை, எப்போது, யார் என்று ஒற்றை வரியில் கேள்வியும் ஒற்றைச் சொல்லில் விடையுமாகப் பக்கம் பக்கமாக இருக்கும். மாறாத செய்திகள் என்ற நம்பிக்கையில் அவற்றை மனப்பாடம் செய்கிறோம். அதில் ஒரு பகுதி நிஜமாகவே மாறாதது. இன்னொரு பகுதி அச்சான மறுவருஷமே மாறியிருக்கும். இரண்டும் ஒரே பக்கத்தில், ஒரே எழுத்தில், ஒரே உறுதியோடு இருப்பதால் புதிதாகப் படிப்பவருக்கு வித்தியாசம் தெரியாது.

இதைப் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொள்ள நம் கரையை விட நல்ல இடம் கிடையாது. பாம்பன் பாலம் ஒன்றை வைத்தே முழு வேலையையும் பழகிவிடலாம்.

முதலில் கேள்வியைப் பிரியுங்கள்

விடையைப் பார்க்கும் முன் கேள்வியிடம் ஒன்றைக் கேளுங்கள்: நாளைக்கு ஒரு அரசாணை வந்தால், ஒரு திறப்பு விழா நடந்தால், யாராவது புதிதாக அளந்தால் இந்த விடை மாறுமா? மாறாது என்றால் அது நடந்து முடிந்த சம்பவம். அப்துல் கலாம் இராமேஸ்வரத்தில் பிறந்த நாள் 15 அக்டோபர் 1931. இதை எந்த அரசாணையும் மாற்ற முடியாது. பேனாவில் எழுதிக்கொள்ளலாம்.

மாறும் என்றால் அது மூன்றில் ஒன்றாக இருக்கும். ஒன்று எண்ணிக்கை, அதாவது எத்தனை மாவட்டங்கள், எத்தனை சரணாலயங்கள் என்பது போல. அடுத்தது உச்சம்: மிக நீளமானது, மிகப் பெரியது. மூன்றாவது பெயரும் பதவியும். இவற்றைப் பென்சிலில் எழுதுங்கள், பக்கத்திலேயே எந்த மாதம், எந்த வருஷ நிலவரம் என்றும் எழுதுங்கள். தேதி இல்லாத எண்ணிக்கையை நோட்டில் ஏற்றவே கூடாது என்பது என் கட்டாய விதி. ஏனென்றால் ஆறு மாதம் கழித்துப் புரட்டும்போது, அது சரிபார்த்ததா பார்க்காததா என்று உங்களுக்கே தெரியாது.

“முதல்” என்று வரும் கேள்விகளை நிறையப் பேர் உச்சத்தோடு சேர்த்துவிடுகிறார்கள். அது வேறு வகை. மிக நீளமானது என்ற பட்டம் கைமாறும். முதலாவது என்ற பட்டம் கைமாறாது. இந்தியாவின் முதல் கடல் பாலம் பாம்பன் ரயில் பாலம் என்பது எத்தனை புதிய பாலம் வந்தாலும் அப்படியேதான் இருக்கும்.

பாம்பனை எடுத்துப் பார்ப்போம்

பழைய கைடுகளில் பாம்பனைப் பற்றி இரண்டு வரி கட்டாயம் இருக்கும். “பாம்பன் பாலம் திறக்கப்பட்ட ஆண்டு – 1914”, “இந்தியாவின் மிக நீளமான கடல் பாலம் – பாம்பன் பாலம்”. இப்போது படிக்கிற பிள்ளைகளுக்கு முதல் வரியிலேயே குழப்பம் வந்துவிடுகிறது. வாசகசாலையில் ஒரு தங்கை கேட்டாள்: “அண்ணே, எதை எழுதுறது? 1914-ஆ, 2025-ஆ? எங்க அப்பா 1988-னு சொல்றாரு.”

மூன்றுமே சரி. மூன்றும் வேறு வேறு பாலம். அதனால் இந்தக் கேள்விக்கு வருஷத்தை மட்டும் மனப்பாடம் செய்யக் கூடாது. எந்தப் பாலம் என்பதைச் சேர்த்துத்தான் ஏற்ற வேண்டும்.

பழைய ரயில் பாலம் 24 பிப்ரவரி 1914 அன்று திறக்கப்பட்டது. கப்பல் போக நடுவில் இரண்டு பக்கமும் தூக்கித் திறக்கும் ஷெர்சர் தூக்குப் பகுதி இருந்தது இதில்தான். 1964 புயலில் சேதமாகி, ரயில்வே பொறியாளர் ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் சரிசெய்யப்பட்டதும் இதுதான். பக்கத்தில் பஸ் போகிற சாலைப் பாலம் 1988-இல் ராஜீவ் காந்தி திறந்துவைத்தது. அதன் பெயர் அன்னை இந்திரா காந்தி பாலம். தங்கையின் அப்பா சொன்னது இதை. ஊரில் பாலம் என்றாலே இதைத்தான் சொல்வார்கள் என்பதால் அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. பழைய ரயில் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் நிறுத்தப்பட்டது. அதன் பிறகு ரயில் மண்டபத்தோடு நின்றுவிட, அங்கிருந்து பஸ் பிடித்துத் தீவுக்குப் போன நாட்கள் இங்கே எல்லோருக்கும் நினைவிருக்கும். புதிய ரயில் பாலம் 6 ஏப்ரல் 2025 அன்று பிரதமர் மோடியால் திறக்கப்பட்டது. நீளம் 2.08 கி.மீ. கப்பலுக்கு வழிவிட 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக 17 மீட்டர் மேலே ஏறும்.

இப்போது கைடின் முதல் வரியை நோட்டில் எப்படி மாற்றி எழுதுவது? நான் எழுதச் சொன்னது இப்படி:

*பாம்பன் ரயில் பாலம் (பழையது, ஷெர்சர்) – 1914. சாலைப் பாலம் (இந்திரா காந்தி) – 1988. புதிய ரயில் பாலம் (செங்குத்துத் தூக்கு) – 6.4.2025.*

மூன்றும் நடந்து முடிந்த திறப்பு விழாக்கள். ஆகவே மூன்றும் பேனா. பழைய விடை தவறாகிவிடவில்லை, அதற்கு ஒரு அடைமொழி தேவைப்பட்டுவிட்டது, அவ்வளவுதான். 2025-க்கு முன் “பாம்பன் ரயில் பாலம்” என்றால் ஒன்றுதான் இருந்தது, இப்போது இரண்டு. தேர்வில் கேள்வி “முதல் கடல் பாலம்” என்றால் 1914, “முதல் செங்குத்துத் தூக்கு ரயில் கடல் பாலம்” என்றால் 2025. அடைமொழியே இல்லாமல் “பாம்பன் பாலம் எப்போது திறக்கப்பட்டது” என்று வந்தால், விடைத் தேர்வுகளைப் பாருங்கள். பழைய வினாத்தாள் என்றால் 1914 இருக்கும், 2025 இருக்க வாய்ப்பில்லை. இரண்டும் சேர்ந்து வந்தால் கேள்வியின் மற்ற சொற்களில் “புதிய”, “திறந்துவைத்தவர்”, “ஷெர்சர்” போல ஏதாவது ஒரு பிடி இருக்கும். அதைத் தேடுங்கள்.

இரண்டாவது வரிதான் நிஜமாகவே காலாவதியானது. மிக நீளமான கடல் பாலம் என்ற பட்டம் பாம்பனிடம் 1914-இலிருந்து பல பத்தாண்டு இருந்தது. மும்பையில் பாந்த்ரா–வொர்லி கடல் பாலம் 2009-இல் ஒரு பகுதியும் 2010-இல் முழுதும் திறந்தபோது அந்தப் பட்டம் அங்கே போனது. 12 ஜனவரி 2024 அன்று மும்பையிலேயே அடல் சேது திறக்கப்பட்டது. மொத்த நீளம் 21.8 கி.மீ., அதில் கடல் மேல் மட்டும் சுமார் 16.5 கி.மீ. இப்போது பட்டம் அதனிடம்.

இந்த ஒரு வரியை வைத்தே உங்கள் கைடு எந்தக் காலத்தது என்று கண்டுபிடித்துவிடலாம். அட்டை கிழிந்து, அச்சிட்ட வருஷம் தெரியாத கைடு என்றால் இந்தக் கேள்வியைத் தேடுங்கள். பாம்பன் என்று இருந்தால் 2010-க்கு முன் தொகுத்த பட்டியலை யாரோ அப்படியே எடுத்து அடித்திருக்கிறார்கள். பாந்த்ரா–வொர்லி என்றால் 2010-க்கும் 2024-க்கும் இடைப்பட்டது. முன்பக்கத்தில் புதிய பதிப்பு என்று போட்டிருந்தாலும் உள்ளே பாம்பன் இருந்தால், அந்தப் பகுதியில் உள்ள மற்ற எண்ணிக்கைகளையும் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும். ஒரு விடை பழையது என்றால் அதே பக்கத்தில் இருப்பதும் அதே வயதுதான்.

கைடின் வயதைச் சொல்ல இன்னொரு நல்ல கேள்வி தமிழ்நாட்டு மாவட்டங்களின் எண்ணிக்கை. 32 என்றால் 2019-க்கு முந்தையது. 2019-இல் கள்ளக்குறிச்சி, தென்காசி, திருப்பத்தூர், ராணிப்பேட்டை, செங்கல்பட்டு ஆகிய ஐந்தும் பிரிந்து 37 ஆனது. 2020-இல் மயிலாடுதுறை பிரிந்து 38. சரி, இத்தோடு முடியவில்லை. மாவட்டம் பிரிந்தால் அந்த எண்ணிக்கை மட்டுமா மாறும்? பழைய கைடில் கடலோர மாவட்டங்கள் 13 என்று இருக்கும். அதில் காஞ்சிபுரமும் உண்டு. செங்கல்பட்டு பிரிந்தபோது கடற்கரை முழுவதும் அந்தப் பக்கம் போய்விட்டது, காஞ்சிபுரத்துக்கு இப்போது கடலே இல்லை. மயிலாடுதுறை ஒரு புதிய கடலோர மாவட்டமாகச் சேர்ந்தது. இப்போது திருவள்ளூரில் தொடங்கிக் கன்னியாகுமரி வரை எண்ணினால் 14. ஆகவே ஒரு விடையைத் திருத்தும்போது, அதன்மேல் நிற்கிற வேறு விடைகள் எவை என்று ஒரு நிமிடம் யோசித்துத் தேடித் திருத்துங்கள்.

யார் சொன்னால் அது விடை?

அடுத்த படி, திருத்திய விடையை எங்கிருந்து எடுப்பது. இங்கே நிறையப் பேர் ஒரு கைடை இன்னொரு கைடோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். இரண்டும் ஒரே பழைய பட்டியலிலிருந்து வந்திருந்தால் இரண்டும் ஒன்றையேதான் சொல்லும். அதனால் எதுவும் நிரூபணம் ஆகாது. ஒவ்வொரு கேள்விக்கும் அந்த விடையைத் தீர்மானிக்கிற அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். மாவட்டம் என்றால் தமிழ்நாடு அரசின் அரசாணை. ரயில் பாலம் என்றால் ரயில்வேயின் அறிவிப்பு. மக்கள்தொகை என்றால் கணக்கெடுப்புத் துறை. ராம்சர் சதுப்பு நிலம் என்றால் ராம்சர் உடன்படிக்கைச் செயலகத்தின் பட்டியலும் நம் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் அறிவிப்பும்.

ராம்சரை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் அது நம் மாவட்டத்தில் வேகமாக மாறியிருக்கிறது. தமிழ்நாட்டில் ரொம்ப காலம் ஒரே ஒரு ராம்சர் தளம்தான், 2002-இல் சேர்ந்த கோடியக்கரை. பழைய கைடுகளில் “தமிழ்நாட்டின் ராம்சர் தளம் எது” என்று ஒருமையில்தான் கேள்வியே இருக்கும். 2022-இல் அந்த எண்ணிக்கை ஒரேயடியாக 14 ஆனது. மன்னார் வளைகுடா, சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் மூன்றும் அப்போது அறிவிக்கப்பட்டவை. 2024 ஜனவரியில் 16, அதே வருஷம் ஆகஸ்டில் 18, 2025 பிப்ரவரியில் 20. கடைசியாகச் சேர்ந்த அந்த இரண்டும் நம்முடையவை: சக்கரக்கோட்டை கண்மாயும் தேர்த்தங்கலும். இராமநாதபுரம் டவுனை ஒட்டியே இருக்கும் சக்கரக்கோட்டை கண்மாய்க்கரையில் நாரையைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகூடத் தேர்வில் 14 என்று குறித்துவிட்டு வருவதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். நோட்டில் “20 (2025 பிப்ரவரி நிலவரம்)” என்று எழுதுங்கள். தேர்வுக்குப் போகும் முன் அந்த மாதத்துக்குப் பிறகு ஏதாவது சேர்ந்ததா என்று மட்டும் பார்த்தால் போதும். தேதி எழுதி வைப்பதன் பலன் இதுதான். எங்கிருந்து தேடத் தொடங்க வேண்டும் என்று தெரிந்துவிடும்.

பழசு என்பதால் தவறு ஆகிவிடாது

இந்தப் பழக்கம் வந்த புதிதில் சிலர் எதிர்ப்பக்கம் சாய்ந்துவிடுவார்கள். பழைய வருஷம் கண்ணில் பட்டாலே அடித்துவிடுவார்கள். அது கூடாது.

இராமநாதபுரம் மாவட்ட மக்கள்தொகை 13,53,445 என்று 2011 கணக்கெடுப்பு சொல்கிறது. தமிழ்நாட்டின் மக்கள் நெருக்கம் சதுர கிலோமீட்டருக்கு 555 என்பதும் அதே கணக்கெடுப்புதான். 2021-இல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு நடக்கவில்லை, 2027-க்குத் தள்ளிப்போனது. அதன் முடிவு வெளியாகும் வரை 2011 எண்தான் அதிகாரப்பூர்வ விடை. இடையில் யாராவது மதிப்பீடாகச் சொல்லும் பெரிய எண் தேர்வு விடை அல்ல. கேள்வியிலேயே “2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி” என்று போட்டுவிட்டால், புதிய கணக்கெடுப்பு வந்த பிறகும் அந்தக் கேள்விக்கு அதே விடைதான். கேள்விக்குள் தேதி கட்டிவைக்கப்பட்டிருந்தால் அது சம்பவம் மாதிரி, மாறாது.

மன்னார் வளைகுடாத் தீவுகளும் இப்படித்தான். கடல்சார் தேசியப் பூங்காவில் 21 தீவுகள் என்று படிக்கிறோம். பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டும் கடலுக்குள் மூழ்கிவிட்டன என்பது இங்கே கடலுக்குப் போகிறவர்களுக்குத் தெரியும். அதனால் 19 என்று எழுதலாமா? பூங்காவை 1986-இல் அறிவித்தபோது கணக்கில் கொண்டது 21 தீவுகளை. பாடப்புத்தகமும் 21 என்கிறது. பூங்காவைப் பற்றிக் கேட்டால் 21. நீருக்கு மேல் தெரிபவை எத்தனை என்று தனியாகக் கேட்டால் அப்போது 19-ஐ யோசிக்கலாம்.

அளவு மாறியதா, அளக்கும் விதம் மாறியதா

தமிழ்நாட்டின் கடற்கரை நீளம் எவ்வளவு என்ற கேள்விக்கு உங்கள் கையில் இருக்கும் புத்தகங்களைப் பொறுத்து மூன்று விடை கிடைக்கும்: 906.9 கி.மீ., 1,076 கி.மீ., 1,068.69 கி.மீ. புதிதாகப் படிப்பவர் இதில் இரண்டு அச்சுப்பிழை என்று நினைப்பார். மூன்றும் பிழை இல்லை.

906.9 என்பது மத்திய அரசு 1970-களில் கணக்கிட்ட பழைய எண். இந்தியாவின் மொத்தக் கடற்கரை 7,516.6 கி.மீ. என்று நாம் எல்லோரும் படித்தோமே, அதன் பகுதி இது. 1,076 என்பது மாநில அரசு ஆவணங்களிலும் பள்ளிப் பாடப்புத்தகத்திலும் வருவது. 1,068.69 என்பது சமீபத்தில் மத்திய அரசு மறுபடி அளந்து வெளியிட்டது. அதில் இந்தியாவின் மொத்தம் 11,098.81 கி.மீ. ஆனது.

கடற்கரை நீண்டுவிடவில்லை. முன்பு அளந்தது பெரிய பரப்பைச் சிறிதாகச் சுருக்கிக் காட்டும் வரைபடத்தில், 1:45,00,000 என்ற அளவில். இப்போது அளந்தது 1:2,50,000 அளவில். மண்டபத்திலிருந்து தேவிபட்டினம் வரை கரை எப்படி வளைந்து வளைந்து போகிறது என்று படகிலிருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். சிறிய வரைபடத்தில் அந்த வளைவெல்லாம் ஒரே கோடாகிவிடும். விவரமான வரைபடத்தில் ஒவ்வொரு கழிமுகத்தின் உள்வாங்கலும் கணக்கில் சேரும். நீளம் கூடுவது அதனால்தான்.

இதனால் இடவரிசையும் மாறியது. பழைய கணக்கில் குஜராத் முதல், ஆந்திரா இரண்டு, தமிழ்நாடு மூன்று. புதிய கணக்கில் ஆந்திரா 1,053.07 கி.மீ. என்பதால் தமிழ்நாடு இரண்டாவது இடத்துக்கு வந்துவிட்டது. இப்படி அளவு முறையால் மாறும் விடையை நோட்டில் ஏற்றும்போது எண்ணோடு அளந்தவர் யார் என்பதையும் எழுதுங்கள். தேர்வில் விடைத் தேர்வுகளில் 1,076 மட்டும் இருந்து 1,068 இல்லாவிட்டால், கேள்வி பாடப்புத்தகத்திலிருந்து வந்தது என்று பொருள். அதையே குறியுங்கள். இரண்டும் இருந்தால் கேள்வியில் “புதிய”, “மறு அளவீடு” போன்ற சொல் இருக்கிறதா பாருங்கள். அப்படி எதுவுமே இல்லாத மாநிலத் தேர்வுக் கேள்வி என்றால் நான் பாடப்புத்தக எண்ணுக்குத்தான் சாய்வேன். அது என் கணிப்பு.

இரண்டு தேதி இருக்கும் சம்பவங்கள்

சம்பவம் மாறாது என்று முதலில் சொன்னேன். ஆனால் சில சம்பவங்களுக்குப் புத்தகத்துக்குப் புத்தகம் ஒரு நாள் வித்தியாசம் இருக்கும். நம் பக்கத்தில் பெரிய உதாரணம் தனுஷ்கோடியை அழித்த புயல். சில கைடுகளில் 22 டிசம்பர் 1964, சிலவற்றில் 23 டிசம்பர் 1964. புயல் கரையைத் தாக்கியது 22-ஆம் தேதி இரவு. பாம்பனிலிருந்து கிளம்பிய பாசஞ்சர் ரயில் அலையில் போனது நள்ளிரவை ஒட்டி. விடிந்து உலகம் அறிந்தது 23. நள்ளிரவைத் தாண்டிய எந்தச் சம்பவத்துக்கும் இப்படி இரண்டு தேதி வந்தே தீரும். “22–23 டிசம்பர் 1964, இரவு” என்று எழுதி வையுங்கள். விடைத் தேர்வில் இரண்டில் ஒன்றுதான் இருக்கும்.

அந்த ரயிலில் இறந்தவர்கள் எத்தனை பேர் என்பதை மனப்பாடம் செய்யாதீர்கள். 115 என்றும் 200-க்குப் பக்கம் என்றும் வேறு வேறு எண்கள் புழங்குகின்றன. டிக்கெட் இல்லாமல் ஏறியவர்களைச் சேர்ப்பதா என்பதிலேயே கணக்கு வேறுபடுகிறது. உறுதி இல்லாத எண்ணுக்கு நோட்டில் இடம் கொடுத்தால், உறுதியான வருஷத்தோடு சேர்ந்து அதுவும் மனதில் உறுதியாகிவிடும்.

கச்சத்தீவு ஒப்பந்தத்துக்கு வேறு காரணத்தால் இரண்டு தேதி. 1974 ஜூனில் கொழும்பில் 26-ஆம் தேதியும் டெல்லியில் 28-ஆம் தேதியும் கையெழுத்தானது. இரண்டு தலைவர்கள் இரண்டு ஊரில் கையெழுத்திட்டதால் இரண்டுமே சரி. 1976-இல் கையெழுத்தான இன்னொரு ஒப்பந்தம் தனி, அது மன்னார் வளைகுடா, வங்கக்கடல் எல்லைகளைப் பற்றியது. இரண்டையும் கலந்துவிடாதீர்கள்.

பெயர்களிலும் இதே பிரித்தறிதல் வேண்டும். பழைய இராமநாதபுரம் மாவட்டம் 1985-இல் மூன்றாகப் பிரிந்தபோது மற்ற இரண்டுக்கும் தலைவர்களின் பெயர்கள் வைக்கப்பட்டன. 1997-இல் அந்தப் பெயர்கள் போய் சிவகங்கை, விருதுநகர் ஆயின. ஆகவே பழைய வினாத்தாளில் “காமராஜர் மாவட்டம்” என்று பார்த்தால் விருதுநகர் என்று பக்கத்தில் எழுதிக்கொண்டு மேலே போங்கள்.

தேர்வறையிலும் அதற்குப் பிறகும்

டி.என்.பி.எஸ்.சி. தேர்வில் தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பது கிடையாது. ஆனால் ஒரு கேள்வியை வெறுமையாக விட்டால் கழிப்பார்கள். தெரியாதவர்களுக்கு “விடை தெரியவில்லை” என்ற E வட்டம் இருக்கிறது. புதிய விடையா பழைய விடையா என்ற குழப்பத்துக்காக E-யை நிரப்புவதில் ஒரு லாபமும் இல்லை. இரண்டில் ஒன்றுக்குச் சாய்ந்து குறியுங்கள்.

எந்தப் பக்கம் சாய்வது என்பதற்கு என் வழக்கம் இது: விடைத் தேர்வுகளில் புதிய விடை இருந்தால் புதியது. ஏனென்றால் கேள்வி எழுதியவர் அதை அறிந்துதான் அங்கே வைத்திருக்கிறார். புதிய விடை இல்லவே இல்லை, பழையது மட்டும் இருக்கிறது என்றால் பழையதைக் குறித்துவிட்டு, அந்தக் கேள்வி எண்ணை வினாத்தாளில் வட்டமிட்டு வையுங்கள்.

தேர்வு முடிந்து சில நாளில் உத்தேச விடைகள் தேர்வாணைய இணையதளத்தில் வரும். வட்டமிட்ட கேள்விகளை அதில் சரிபாருங்கள். உங்கள் விடை வேறாக இருந்து, உங்களிடம் அரசாணையோ பாடப்புத்தகப் பக்கமோ இருந்தால், அறிவித்த நாட்களுக்குள் இணையதளம் வழியாகவே ஆட்சேபம் தெரிவிக்கலாம். கைடின் பக்கத்தைப் படமெடுத்து இணைப்பதால் பயன் இல்லை. நோட்டில் எண்ணோடு தேதியும் அளந்தவர் பெயரும் எழுதச் சொன்னேனே, அதை வைத்துத்தான் அந்த நேரத்தில் மூல ஆவணத்தைச் சீக்கிரம் தேடி எடுக்க முடியும். அந்த அவகாசம் ஒரு வாரம்தான், அதற்குள் ஆவணத்தைப் பதிவிறக்கி, சம்பந்தப்பட்ட வரியைக் கோடிட்டு, கேள்வி எண்ணோடு ஏற்றிவிட வேண்டும்.